கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க் கரகரத்தால் அதை மறுபடி செருகக் கூடாது, ஏன்?

மேசையிலிருந்து வெளிப்புற ஹார்ட் டிஸ்க் தரையில் விழுகிறது. எடுத்துப் பார்த்தால் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளேயிருந்து கரகரவென்று எதையோ தேய்க்கிற சத்தம் வருகிறது. திரையில் டிஸ்க் தெரியவில்லை. அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேபிளைக் கழற்றி மறுபடி செருகுகிறார்கள், வேறு போர்ட்டில் போட்டுப் பார்க்கிறார்கள், வேறு கேபிளை மாற்றுகிறார்கள். பிறகு நண்பரின் லேப்டாப்பில் ஒருமுறை, கடைக்காரரின் கணினியில் ஒருமுறை. கேபிள் பழுதோ போர்ட் பழுதோ என்றால் இதெல்லாம் சரியான சோதனைதான். விழுந்த டிஸ்க்கில் தேய்ப்புச் சத்தம் கேட்கும்போது மட்டும், சோதனை என்று நினைத்துச் செய்கிற இந்த ஒவ்வொன்றும் தரவை அழிக்கும் வேலையாகிவிடுகிறது. அது எப்படி என்று புரிய, பெட்டிக்குள் இருப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கையடக்க வெளிப்புற டிஸ்க்குகளில் இருப்பது லேப்டாப்புகளில் வந்த அதே இரண்டரை அங்குல வகை. இன்று கிடைக்கும் 1 டெராபைட் டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு ஒன்றுதான் இருக்கும். அதன் மேல்பக்கமும் கீழ்பக்கமும் எழுதுவதற்குப் பயன்படுகின்றன, பக்கத்துக்கு ஒரு ஹெட், அதாவது தரவைப் படித்து எழுதும் நுண்ணிய முனை. தட்டின் விட்டம் சுமார் 65 மில்லிமீட்டர். கண்ணாடியால் ஆன அந்தத் தட்டின் மேல் கோபால்ட் கலவையில் ஒரு காந்தப் படலம் பூசப்பட்டிருக்கிறது. நம் படங்களும் ஆவணங்களும் இருப்பது அந்தப் படலத்தில் மட்டுமே. அதைக் காக்க மேலே கார்பன் பூச்சு ஒன்றும், அதற்கும் மேலே வழுவழுப்பான எண்ணெய்ப் படலம் ஒன்றும் உண்டு. இந்த இரண்டு காப்புகளும் சேர்ந்தாலும் சில நானோமீட்டர் தடிமன்தான்.

தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுழல்கிறது. விளிம்பில் அதன் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் தட்டோடு சேர்ந்து ஓடும் காற்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ள ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. ஹெட் தட்டைத் தொடுவதில்லை, காற்றின் மேல் மிதக்கிறது. படிக்கும்போது இரண்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. புகையின் ஒரு துகளே அதைவிடப் பல மடங்கு பெரியது. வேலை இல்லாத நேரத்தில் ஹெட்டுகள் தட்டின் மேல் நிற்பதில்லை. தட்டின் ஓரத்துக்கு வெளியே ரேம்ப் என்ற சிறிய பிளாஸ்டிக் சரிவு இருக்கிறது, அதில் ஏறி நிற்கும்.

இப்போது விழுந்த கணக்கைப் பார்ப்போம். சாதாரண மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். அங்கிருந்து விழும் பொருள் 0.4 நொடிக்குள் தரையைத் தொடுகிறது. தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 3.8 மீட்டர். டைல்ஸ் தரை கொஞ்சமும் அமுங்காது என்பதால் அந்த வேகம் முழுவதும் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்குள் நின்றாக வேண்டும். கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப் போல சுமார் 390 மடங்கு விசை வருகிறது. அரை மில்லிநொடியில் நின்றால் அது 780 மடங்கு. இந்த வகை டிஸ்க்குகளின் தகவல் தாள்களில், ஓடும் நிலையில் தாங்கும் அதிர்ச்சி 350 முதல் 400 மடங்கு என்றும், அணைந்த நிலையில் 1000 மடங்கு வரை என்றும் குறிப்பிடுவது வழக்கம். அணைந்திருக்கும்போது விழுந்த டிஸ்க் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, காரணம் ஹெட்டுகள் ரேம்ப்பில் பத்திரமாக இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது ஃபைல் நகலெடுக்கும் நேரத்தில் கால் பட்டுக் கேபிளோடு இழுபட்டு விழுந்த டிஸ்க்தான் அதிகம் சாகிறது. அடி விழுந்த கணம் ஹெட் தட்டிலிருந்து எகிறி, திரும்ப அதன் மேல் அறைகிறது. அறைந்த இடத்தில் கார்பன் பூச்சு பெயர்கிறது. ஹெட்டைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு வளைகிறது. சில நேரம் ஹெட்டே அதிலிருந்து பிய்ந்துவிடுகிறது.

விழுந்த பிறகு வரும் சத்தங்கள் எல்லாம் ஒன்றல்ல. இதை வேறுபடுத்தத் தெரிவது உதவும். மெல்லிய பீப் அல்லது முனகல் போன்ற ஒலி வந்து தட்டு சுழலவே இல்லையென்றால், ஹெட் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கலாம். சீரான இடைவெளியில் டிக், டிக் என்று வந்தால், ஹெட் தட்டின் மேல் போய் வழி தெரியாமல் ஓரத்துக்குத் திரும்பி வருகிறது என்று பொருள். இந்த இரண்டும் மோசம்தான். ஆனாலும் தட்டு இன்னும் நன்றாக இருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது வகைதான் நாம் பேசும் கரகரப்பு. சுழற்சியோடு சேர்ந்து விடாமல் வரும் தேய்ப்புச் சத்தம், சில நேரம் உலோகத்தைக் கீறுவது போன்ற கிறீச்சிடும் ஒலி. தட்டைத் தொடக்கூடாத ஏதோ ஒன்று தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. மிக அரிதாக அது மோட்டாரின் பேரிங் சத்தமாக இருக்கலாம். வெளியிலிருந்து காதால் கேட்டு அதை உறுதிசெய்ய முடியாது. எனவே மோசமானதையே எதிர்பார்த்து நடந்துகொள்வது பாதுகாப்பு.

இனி, அந்தக் கேபிளை ஒருமுறை செருகும்போது உள்ளே நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். மின்சாரம் வந்ததும் மோட்டார் தட்டைச் சுழற்றுகிறது. சில நொடிகளில் முழு வேகம் வந்ததும் கட்டுப்பாட்டுச் சிப் ஹெட்டுகளை ரேம்ப்பிலிருந்து தட்டின் மேல் இறக்குகிறது. முதல் ஆபத்து இந்த இடத்திலேயே இருக்கிறது. வளைந்த தகடு நேராக இறங்காது. தட்டின் விளிம்பில் சிக்கிப் பிய்யலாம், அல்லது சாய்ந்தபடி தட்டின் மேல் உட்காரலாம். ஹெட் ஏற்கெனவே பிய்ந்து போயிருந்தால் அதைத் தாங்கிய எஃகு முனை நேரடியாகத் தட்டில் இறங்கும். அது மிதக்கும்படி வடிவமைக்கப்பட்ட பாகமே இல்லை, கீறத்தான் செய்யும்.

அடுத்து, சிப் தட்டில் தொழிற்சாலையில் எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிகளைத் தேடுகிறது. ஹெட் எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதை அந்தக் குறிகளை வைத்துத்தான் அறிய முடியும். குறி கிடைத்தால், டிஸ்க் தனக்கென்று தட்டிலேயே வைத்திருக்கும் ரகசியப் பகுதியிலிருந்து இயக்க நிரலின் மீதியைப் படிக்கும். அதன் பிறகுதான் தன் பெயரையும் கொள்ளளவையும் கணினிக்குச் சொல்லும். நம் ஃபைல்கள் பக்கம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் ஹெட் தட்டின் குறுக்கே பலமுறை போய் வந்திருக்கும்.

ஹெட் உடைந்திருக்கிறது என்பது சிப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் எதிர்பார்த்த சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான். சிக்னல் வராவிட்டால் திரும்பத் திரும்ப முயலும்படிதான் அதற்குக் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. நல்ல டிஸ்க்கில் ஒரு சின்னப் பிழையைச் சமாளிக்க வைத்த அதே விடாமுயற்சி, இங்கே உடைந்த எஃகு முனையைத் தட்டின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் மாறி மாறி இழுத்தடிக்கிறது. நாம் ஒருமுறை செருகியதாக நினைக்கிறோம். உள்ளே அது பல முயற்சிகள்.

சுற்றுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் கேபிளைச் செருகி, டிஸ்க் தெரிகிறதா என்று அரை நிமிடம் காத்திருந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 90 சுற்று என்றால் அந்த அரை நிமிடத்தில் 2700 சுற்று. போர்ட் மாற்றி, கேபிள் மாற்றி, கணினி மாற்றி ஆறு முறை செய்தால் 16,000 சுற்றைத் தாண்டிவிடும். காப்புப் பூச்சு சில நானோமீட்டர்தான் என்று பார்த்தோம். அது போனதும் அடுத்து தேய்வது காந்தப் படலம். அந்தக் கரகர சத்தத்தில் நம் காதில் விழுவது தரவு தூளாகிற ஓசை. தூளான இடத்தில் எழுதியிருந்ததை எந்தத் தரவு மீட்புக் கூடத்தாலும், எந்தப் பணத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. படிப்பதற்கு அங்கே பொருளே இல்லை. நீண்ட நேரம் இப்படி ஓடிய டிஸ்க்கைத் திறந்தால், கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய தட்டில் வட்டமாக ஒரு மங்கிய வளையம் தெரியும். மிக மோசமானவற்றில் படலம் முழுக்கப் போய், அடியில் உள்ள கண்ணாடி வழியே மறுபக்கம் தெரியும்.

ஒரு வளையம் எவ்வளவு தரவை விழுங்கும்? 1 டெராபைட் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் 500 ஜிகாபைட். தட்டில் எழுதப் பயன்படும் பட்டை சுமார் 16 மில்லிமீட்டர் அகலம். ஆக ஒரு மில்லிமீட்டர் அகலக் கீறல் வளையம் என்றால் ஏறத்தாழ 30 ஜிகாபைட் போய்விட்டது. ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்தால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அந்த 30 ஜிகாபைட் ஒரே ஃபோல்டரில் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. டிஸ்க் கொஞ்சம் மேல்பக்கமும் கொஞ்சம் கீழ்பக்கமுமாக மாறி மாறி எழுதுகிறது. எனவே ஒரு பக்கம் கெட்டால் சிறிய படங்களில் பல முழுதாகத் தப்பும். பெரிய வீடியோக்களோ நடுநடுவே ஓட்டை விழுந்து திறக்கவே மறுக்கும். திருமண வீடியோ போய், படங்கள் மட்டும் மிஞ்சுகிற சம்பவங்களுக்குக் காரணம் இதுதான்.

ஆனால் கீறல் ஒரு வளையத்தோடு நின்றுவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் இயக்குவதில் உள்ள பெரிய தீங்கும் அதுதான். தேய்ந்து வரும் கார்பன், உலோகம், கண்ணாடித் துகள்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. மூடிய பெட்டிக்குள் தட்டின் காற்றோட்டத்தில் அவை சுழல்கின்றன. உள்ளே ஒரு சிறிய வடிகட்டி உண்டுதான், ஆனால் அது சாதாரணத் தூசிக்கானது. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பரப்புக்கும் மிதக்கும் ஹெட்டுக்கும் நடுவே அந்தத் தூள் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். அதுவரை நன்றாக இருந்த மறுபக்க ஹெட்டின் அடியிலும் தூள் ஒட்டுகிறது. அதன் மிதப்பு குலைகிறது, அதுவும் தட்டைத் தொடுகிறது. இப்படி ஒரு பக்கத்தில் தொடங்கிய சேதம் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. முதல்முறை இயக்கியபோது ஒரு ஹெட் மட்டும் கெட்டிருந்த டிஸ்க், பத்தாவது முறைக்குள் இரண்டு பக்கமும் கெட்டதாக மாறுவது இதனால்தான்.

சில டிஸ்க்குகள் கரகரத்துக்கொண்டே திரையில் தோன்றிவிடும். இதைவிட ஏமாற்றும் நிலை வேறில்லை. ஐந்தாவது முயற்சியில் பெயர் தெரிந்துவிட்டது, இனி நகலெடுத்துவிடலாம் என்று மனம் துள்ளும். கணினியோ நம்மைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியிருக்கும். ஃபைல் பட்டியலைப் படிக்கும், ஃபோல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் சிறு முன்தோற்றம் உருவாக்க அந்தப் படங்களையெல்லாம் திறந்து பார்க்கும், வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் பங்குக்குத் தேடும். படிக்க முடியாத இடம் வந்தால் கணினி திரும்பக் கேட்கும், டிஸ்க்கும் தனக்குள் திரும்ப முயலும். நகலெடுக்கும் பட்டை நகராமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஹெட் மிக மோசமான இடத்திலேயே நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் `You need to format the disk in drive E: before you can use it.` என்று காட்டினால் பலர் பதறிப்போய் `chkdsk /f` ஓட்டுகிறார்கள். அது ஃபைல் அமைப்பில் உள்ள பிழையைத் திருத்தும் கருவி. உடைந்த ஹெட் தவறாகப் படித்ததை உண்மை என்று நம்பி, அதே ஹெட்டை வைத்துத் தட்டில் எழுதவும் செய்யும். காசு கொடுத்து வாங்கும் மீட்பு மென்பொருள்களும் இந்த இடத்தில் உதவாது. அழித்த ஃபைலைத் தேடுவதற்காக அவை தட்டின் முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை படிக்கும். நல்ல டிஸ்க்கில் அது சரியான வழி, கீறல் விழுந்த தட்டில் அது முழுப் பரப்பையும் உழுதுவிடும்.

தரவு மீட்புக் கூடத்தில் இதற்கு நேர் எதிரான முறை நடக்கிறது. அங்கே முதல் வேலை மின்சாரம் கொடுப்பதல்ல. தூசி வடிகட்டிய காற்று ஓடும் மேடையில் வைத்து மூடியைத் திறக்கிறார்கள். பலமான விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தட்டைப் பார்க்கிறார்கள், ஹெட்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தட்டு சுத்தமாக இருந்தால், அதே மாடலில் அதே வகை ஹெட் உள்ள இன்னொரு டிஸ்க்கை வாங்கி, அதன் ஹெட் தொகுப்பைக் கழற்றி இதில் மாட்டுகிறார்கள். மாட்டும்போது ஹெட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இடையே சீப்பு போன்ற ஒரு கருவியைச் செருகுகிறார்கள். பிறகு தனிக் கருவி வழியாக, விண்டோஸின் தலையீடே இல்லாமல், தட்டில் உள்ளதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கிறார்கள். முதலில் நல்ல ஹெட்டின் பக்கம், கடைசியில்தான் சந்தேகமான பக்கம். ஓர் இடம் படிக்கவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

தட்டில் கீறல் இருந்தால் இந்த வேலை முழுவதும் தலைகீழாகிறது. புதிதாக மாட்டிய ஹெட் அந்தக் கீறலைக் கடக்கும்போது அதுவும் சாகும். முதலில் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு கீறல் பகுதியைத் தவிர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மூன்று ஹெட் தொகுப்புகள் பலியாகலாம். செலவு அதற்கேற்ப ஏறும். கீறல் அகலமாக இருந்தால் பல கூடங்கள் வேலையை ஏற்காமலே திருப்பி அனுப்பிவிடும். அதே டிஸ்க் முதல் கரகரப்பிலேயே நிறுத்தப்பட்டுப் போய்ச் சேர்ந்திருந்தால், வெறும் ஹெட் மாற்றத்தோடு பெரும்பகுதி தரவு கிடைத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது நாம் வீட்டில் செய்த அந்தச் சில முயற்சிகள்தான். இதைக் கூடக்காரர்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது வேதனையானது, ஏனென்றால் யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை.

ஆகவே சத்தம் கேட்ட கணமே கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். பாதுகாப்பாக அகற்றும் வழியைச் சொடுக்கிக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் காத்திருப்பில் கணினி மிச்சமிருப்பதை எழுதி முடிக்கப் பார்க்கும். மின்சாரம் திடீரென்று நின்றாலும், தட்டின் மீதிச் சுழற்சியிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஹெட்டுகளை ரேம்ப்புக்கு இழுத்துவிடும் ஏற்பாடு டிஸ்க்கிலேயே இருக்கிறது. விழுந்த பிறகு இன்னும் செருகிப் பார்க்கவே இல்லை, உள்ளே இருப்பதோ வேறெங்கும் நகல் இல்லாத தரவு என்றால், செருகிப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுவது நல்லது. சத்தம் வருகிறதா என்று கேட்டுப்பார்ப்பதற்கும் ஒரு முழு இயக்கம் செலவாகிறது.

டிஸ்க்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பழைய யோசனை இன்னும் சுற்றிவருகிறது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டின் மேல் நுண்துளிகளாகப் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்க வேண்டிய ஹெட்டுக்கு அது இன்னொரு மோதல். தட்டிப் பார்ப்பது, குலுக்குவது, வீட்டில் மூடியைத் திறந்து ஹெட்டைக் கையால் தள்ளுவது ஆகியவையும் இதே வகைதான். கூடத்துக்குக் கொடுக்கவே போவதில்லை, அந்தச் செலவு முடியாது என்று உறுதியாக முடிவெடுத்தவருக்கு மட்டும் ஒரே ஒரு சூதாட்டம் மிச்சம் இருக்கிறது. டிஸ்க் திரையில் வந்தால் மிக முக்கியமான ஒரே ஃபோல்டரை மட்டும் முதலில் நகலெடுத்துக்கொள்வது. தேய்ப்புச் சத்தம் உள்ள டிஸ்க்கில் அது கைகூடும் வாய்ப்பு குறைவு. அதோடு கூடத்தின் கதவும் மூடிவிடும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

கூடத்துக்கு அனுப்புவதானால் டிஸ்க்கை அதன் வெளிப்பெட்டியோடு அப்படியே கொடுங்கள். பெட்டியைக் கழற்றி, உள்ளே உள்ள டிஸ்க்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சில மாடல்களில் யூ.எஸ்.பி. இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தரவைப் பூட்டித் திறக்கும் சிப் வெளிப்பெட்டியில் உள்ள இணைப்புப் பலகையில் இருக்கும், அந்தப் பலகை தொலைந்தால் தட்டில் உள்ளது புரியாத எண்களாகிவிடும். கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, சுற்றிலும் பஞ்சு நுரை வைத்து, அசையாதபடி அட்டைப்பெட்டியில் கட்டுங்கள். கூடத்தில் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, விழும்போது ஓடிக்கொண்டிருந்ததா, அதன் பிறகு எத்தனை முறை செருகினீர்கள், எந்த மென்பொருளை ஓட்டினீர்கள், வேறு யாராவது மூடியைத் திறந்தார்களா. எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்றும் சொல்லுங்கள். புதிய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாத வேலையில், அதை வைத்துத்தான் அவர்கள் படிக்கும் வரிசையைத் தீர்மானிப்பார்கள்.